கையிருப்பு எவ்வளவு இருக்கும்போது அடுத்த ஆர்டரைப் போட வேண்டும்?

ஒரு பொருள் முழுவதும் தீர்ந்த பிறகு ஆர்டர் போட்டால், புதிய சரக்கு வந்துசேரும் வரை அதன் இடம் காலியாகத்தான் இருக்கும். ஆர்டர் போடும் நாளுக்கும் சரக்கு விற்பனைக்குத் தயாராகும் நாளுக்கும் இடையில் சில நாட்கள் போய்விடுகின்றன. அந்த நாட்களிலும் வாடிக்கையாளர்கள் வந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஆகவே அந்த இடைவெளியில் விற்கக்கூடிய அளவுக்காவது சரக்கு கையில் இருக்கும்போதே ஆர்டரைப் போட்டுவிட வேண்டும். அந்த அளவை மறு ஆர்டர் நிலை என்பார்கள். ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு விற்கிறது என்பதை, சப்ளையரிடமிருந்து சரக்கு வர எத்தனை நாட்கள் ஆகின்றன என்பதால் பெருக்கினால் அது கிடைக்கும். கையிருப்பு அந்த அளவைத் தொட்டதும் அந்தப் பொருளின் எதிரே ‘ஆர்டர் தேவை’ என்ற குறி தோன்ற வேண்டும்.

நாளுக்கு 10 தாள் கட்டுகள் விற்கின்றன, ஆர்டர் போட்டால் 7 நாட்களில் வருகின்றன என்றால், 10-ஐ 7-ஆல் பெருக்கி 70 என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இதில் சேரும் மூன்று எண்களும், அதாவது சராசரி விற்பனை, வரும் நாட்கள், கையிருப்பு ஆகிய மூன்றும், ஏட்டில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டால் பெரும்பாலும் தவறாகவே அமையும். தவறு எப்படி நுழைகிறது என்பதை இதே தாள் கட்டைக் கொண்டு பார்ப்போம்.

சராசரி விற்பனையும் காலி நாட்களும்

கடந்த 30 நாட்களில் 240 கட்டுகள் விற்றிருக்கின்றன என்று கொள்வோம். 240-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 8 என்று வரும். பலரும் இதையே சராசரியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த 30 நாட்களில் 6 நாட்கள் சரக்கே இல்லாமல் போயிருந்தால் நிலைமை வேறு. அந்த 6 நாட்களில் விற்பனை சுழியமாக இருந்ததற்குக் காரணம் யாரும் கேட்காதது அல்ல, கொடுப்பதற்குப் பொருள் இல்லாததுதான். சரக்கு இருந்த 24 நாட்களில்தான் 240 கட்டுகள் விற்றன. ஆக, தேவையின் உண்மையான அளவு நாளுக்கு 10.

8-க்கும் 10-க்கும் வித்தியாசம் சிறிதுதானே என்று தோன்றலாம். சப்ளையர் ‘ஐந்து நாளில் அனுப்பிவிடுவோம்’ என்று சொன்னதையும் அப்படியே நம்பினால், மறு ஆர்டர் நிலை 8 × 5 = 40 என்று அமைகிறது. ஒவ்வொரு முறையும் 100 கட்டுகளை ஆர்டர் செய்வதாகவும், கையிருப்பு 40-ஐத் தொட்ட அதே நாளில் ஆர்டர் போய்விடுவதாகவும் வைத்துக்கொள்வோம். புதிய சரக்கு வந்த நாளில் 100 கட்டுகள் இருக்கின்றன, நாளுக்கு 10 வீதம் விற்று, ஆறாம் நாள் முடிவில் 40 மீதமிருக்கிறது, ஆர்டர் போகிறது. மீதி 40 நான்கு நாட்களில் தீர்ந்துவிடுகிறது. சரக்கு உண்மையில் ஏழு நாட்கள் கழித்து வருவதால் மூன்று நாட்கள் இடம் காலியாக இருக்கிறது. இப்படி ஒரு சுற்றுக்கு 13 நாட்கள் ஆகின்றன. அந்த 13 நாட்களில் விற்றது 100 கட்டுகள்.

அடுத்த முறை சராசரியைக் கணக்கிடும்போது 100-ஐ 13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.7 வருகிறது. அதாவது சராசரி முன்பைவிடக் குறைகிறது. அதைக் கொண்டு கணக்கிடும் மறு ஆர்டர் நிலையும் 40-இலிருந்து 38 அல்லது 39-க்கு இறங்குகிறது. பொருள் பற்றாக்குறையாக இருந்ததையே ‘தேவை குறைந்துவிட்டது’ என்று கணக்கு எடுத்துக்கொண்டு, குறியை இன்னும் தாமதமாகக் காட்டுகிறது. அதிகமாக விற்கும் பொருட்களே அடிக்கடி தீர்ந்துபோகும் என்பதால், இந்தப் பிழை மிகவும் தேவையான பொருட்களைத்தான் முதலில் பிடிக்கிறது. இந்தக் கணக்கில் திருத்துவதற்கு நேரம் ஒதுக்கக்கூடிய ஒரே இடம் எது என்று கேட்டால், நான் இதையே சொல்வேன்.

இதைத் திருத்த, விற்பனைப் பட்டியல் மட்டும் போதாது. பில்களைப் பார்த்தால் எந்த நாளில் எதுவும் விற்கவில்லை என்பது தெரியுமே தவிர, ஏன் விற்கவில்லை என்பது தெரியாது. ஒவ்வொரு நாளின் முடிவிலும் கையிருப்பு எவ்வளவு இருந்தது என்ற பதிவும் வேண்டும். காலை முதல் மாலை வரை சரக்கு இல்லாத நாட்களை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கிவிடலாம். பாதி நாளில் தீர்ந்துபோன நாள் ஒன்று இருந்தால், அந்த நாளையும் அன்றைய விற்பனையையும் சேர்த்தே நீக்குவது எளிது. நாளை மட்டும் நீக்கிவிட்டு விற்பனையை விட்டுவைத்தால் சராசரி வேண்டாத அளவுக்கு உயர்ந்துவிடும். அதேபோல், ஒரே வாடிக்கையாளர் வழக்கத்துக்கு மாறாக ஒரு முறை மட்டும் மொத்தமாக 90 கட்டுகள் வாங்கியிருந்தால், அதையும் ஒதுக்கிவிட்டுச் சராசரியைப் பார்ப்பது நல்லது.

வரும் நாட்களை எங்கிருந்து எண்ணுவது

சப்ளையர் சொல்லும் ஐந்து நாட்கள் பெரும்பாலும் அவருடைய கிடங்கிலிருந்து சரக்கு கிளம்பி உங்கள் வாசலுக்கு வரும் நேரத்தைக் குறிக்கும். நமக்கு வேண்டியது அதைவிட நீளமான கால அளவு. குறி தோன்றிய பிறகு அதைப் பார்த்து ஒருவர் ஆர்டரை அனுப்ப ஒரு நாள் ஆகலாம். வந்த பெட்டிகளை எண்ணி, சரிபார்த்து, கணக்கில் ஏற்றி, விற்பனைக்கு வைக்க இன்னொரு நாள் ஆகலாம். குறி தோன்றிய தேதிக்கும் விற்பனைக்கு வைத்த தேதிக்கும் இடையிலான நாட்களே நம் கணக்கில் வர வேண்டியவை. இதைச் சப்ளையரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, கடந்த சில ஆர்டர்களின் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதே நம்பகமானது.

நம் தாள் கட்டுக்கு, கடந்த ஐந்து ஆர்டர்கள் முறையே 5, 6, 9, 6, 9 நாட்கள் எடுத்துக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 35, சராசரி 7. சப்ளையர் பொய் சொல்லவில்லை. ஒரு முறை உண்மையிலேயே ஐந்து நாட்களில் வந்திருக்கிறது. ஆனால் அதுவே ஐந்திலும் மிகக் குறைந்தது.

நாட்களை எண்ணும் முறையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சப்ளையர் வேலை நாட்களைச் சொல்கிறார், நீங்கள் விடுமுறை நாட்களிலும் விற்கிறீர்கள் என்றால், அவர் சொல்லும் எண்ணை நாட்காட்டி நாட்களாக மாற்றிய பிறகே பெருக்க வேண்டும்.

இந்த இரண்டு திருத்தங்களையும் செய்தால் 40 என்று இருந்த நிலை 70 ஆகிறது. பெருக்கும் முறையில் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே போகும் எண்கள் மட்டுமே மாறின.

எந்தக் கையிருப்போடு ஒப்பிடுவது

அலமாரியில் இருப்பதை மட்டும் 70-உடன் ஒப்பிடும் பட்டியலில் ஒரு தொல்லை உடனே தெரியவரும். இன்று 65 இருக்கிறது, குறி தோன்றுகிறது, 100 கட்டுகளுக்கு ஆர்டர் போகிறது. நாளை 55 இருக்கும்போது குறி மீண்டும் தோன்றும், நாளை மறுநாளும் தோன்றும். பொறுப்பில் இருப்பவர் மாறியிருந்தால், அல்லது முதல் ஆர்டரை அவர் மறந்திருந்தால், இரண்டாவதாக 100 கட்டுகள் வந்து இறங்கும். இல்லாவிட்டால், ‘இந்தக் குறி எப்போதும் இருப்பதுதான்’ என்று அதைக் கவனிக்காமல் விடும் பழக்கம் வந்துவிடும். இதில் இரண்டாவதுதான் அதிகக் கேடு, ஏனெனில் உண்மையாகவே ஆர்டர் போட வேண்டிய பொருளின் குறியும் அதே பார்வையில் கடந்து போய்விடும்.

ஆகவே ஒப்பிட வேண்டியது அலமாரியில் இருப்பது மட்டுமல்ல. ஆர்டர் போட்டு இன்னும் வராத சரக்கைக் கூட்ட வேண்டும்; வாடிக்கையாளர் முன்பதிவு செய்து இன்னும் எடுத்துச் செல்லாததைக் கழிக்க வேண்டும். 65 இருந்தபோது 100-க்கு ஆர்டர் போட்ட மறுநாள், 55-உடன் 100 சேர்ந்து 155 ஆகிறது, குறி மறைந்துவிடுகிறது. மாறாக, அலமாரியில் 85 கட்டுகள் இருந்தும் அவற்றில் 20 ஒருவருக்காக எடுத்துவைக்கப்பட்டவை என்றால், விற்கக் கிடைப்பது 65 மட்டுமே. பார்ப்பதற்கு நிறைய இருப்பதுபோல் தோன்றினாலும் குறி வர வேண்டும்.

சரக்கு வர அதிக நாட்கள் ஆகும் பொருட்களில் இந்தக் கூட்டல் இல்லாமல் கணக்கே ஓடாது. நாளுக்கு 10 விற்கும் பொருள் வர 30 நாட்கள் ஆகும் என்றால் மறு ஆர்டர் நிலை 300. நீங்கள் ஒவ்வொரு முறையும் 100 வீதம்தான் வாங்குகிறீர்கள் என்றால் அலமாரியில் ஒருபோதும் 300 சேராது; அலமாரியை மட்டும் பார்க்கும் குறி ஆண்டு முழுவதும் அணையாமல் இருக்கும். வழியில் இருக்கும் ஆர்டர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காகத் தோன்றி மறையும்.

எக்செல் போன்ற விரிதாளில் இதை ஒரே வரியில் எழுதிவிடலாம். B-இல் அலமாரிக் கையிருப்பு, C-இல் வரவேண்டிய சரக்கு, D-இல் முன்பதிவு, E-இல் கடந்த 30 நாள் விற்பனை, F-இல் அந்த 30-இல் சரக்கு இருந்த நாட்கள், G-இல் வரும் நாட்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் வரிசைக்கான சூத்திரம் இது. H என்ற கட்டத்தில் என்ன வர வேண்டும் என்பதைச் சற்றுப் பிறகு பார்ப்போம். இப்போதைக்கு அதில் 0 இருக்கட்டும்.

```
=IF(F2=0,"சரிபார்க்கவும்",IF(B2+C2-D2<=E2/F2*G2+H2,"ஆர்டர் தேவை",""))
```

B-இல் 85, C-இல் 0, D-இல் 20, E-இல் 240, F-இல் 24, G-இல் 7 என்று கொடுத்தால், ஒரு பக்கம் 65, மறுபக்கம் 70, குறி வருகிறது. 30 நாட்களும் சரக்கே இல்லாத பொருளுக்கு F சுழியமாக இருக்கும்; சுழியத்தால் வகுக்க முடியாது என்பதால் அதை முதலில் பிரித்து ‘சரிபார்க்கவும்’ என்று காட்டச் சொல்லியிருக்கிறோம். ‘குறைவாக’ என்பதற்குப் பதில் ‘குறைவாகவோ சமமாகவோ’ என்ற ஒப்பீட்டைப் பயன்படுத்தியிருப்பதற்கும் காரணம் உண்டு. கையிருப்பு சரியாக 70-இல் நிற்கும் நாளில் ஆர்டர் போட்டால்தான் ஏழு நாட்களுக்குச் சரியாகப் போதும். 70-க்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருந்தால் ஒரு நாளின் விற்பனையை இழக்க நேரிடும்.

சராசரி என்பதில் ஒளிந்திருக்கும் பாதி

இப்போது எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்படியும் சரக்கு தீர்ந்துபோகும். சராசரி என்றாலே சில முறை அதற்கு மேலும் சில முறை அதற்குக் கீழும் நடக்கும் என்றுதான் பொருள். சராசரித் தேவைக்குச் சரியாகப் போதுமான 70-ஐ மட்டும் வைத்திருந்தால், தோராயமாக இரண்டு ஆர்டர்களில் ஒன்றுக்குச் சரக்கு முன்னதாகவே தீர்ந்துவிட வாய்ப்பு உண்டு.

நம் ஐந்து ஆர்டர்களையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வரும் வரையில் எவ்வளவு விற்றிருக்கும் என்று பார்க்கலாம். ஐந்து நாட்களில் வந்ததற்கு 50, ஆறு நாட்களில் வந்த இரண்டுக்கும் 60, ஒன்பது நாட்கள் எடுத்துக்கொண்ட இரண்டுக்கும் 90. 70 கட்டுகள் இருக்கும்போது ஆர்டர் போட்டிருந்தால் மூன்று முறை தப்பித்திருப்போம்; இரண்டு முறை, ஒவ்வொன்றிலும் 20 கட்டுகள் பற்றாமல் போயிருக்கும். ஐந்தையும் தாங்க வேண்டுமென்றால் 70-உடன் 20 சேர்த்து 90 வைக்க வேண்டும். இந்தக் கூடுதல் 20-க்குப் பெயர்தான் காப்பு இருப்பு. சூத்திரத்தில் H கட்டம் இதற்காகவே ஒதுக்கப்பட்டது. ஐந்து ஆர்டர்கள் மிகச் சிறிய சான்று என்பது உண்மையே. இருந்தாலும் ‘பத்து சதவீதம் கூடுதலாக இருக்கட்டும்’ என்று எல்லாப் பொருட்களுக்கும் ஒரே அளவைப் போடுவதைவிட இது மேலானது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. தினசரி விற்பனையின் ஏற்ற இறக்கத்தைவிடச் சப்ளையரின் ஒழுங்கின்மைதான் இங்கே அதிகம் பாதிக்கிறது. ஒரு நாள் 13 விற்றாலும் மறுநாள் 7 விற்கலாம்; ஏழு நாட்கள் சேரும்போது இவை பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் சரக்கு ஒரு நாள் தாமதமானால் முழுதாக 10 கட்டுகள் குறையும். அதை ஈடுசெய்ய எதுவும் இல்லை. எப்போதும் எட்டு நாட்களில் தவறாமல் அனுப்பும் சப்ளையருக்கு 80 போதும். ஐந்திலிருந்து ஒன்பது நாட்கள் வரை ஊசலாடும், சராசரியில் அவரைவிட வேகமான சப்ளையருக்கு 90 வேண்டியிருக்கிறது.

பட்டியலை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பதும் இதே பக்கத்தில் சேர வேண்டும். மேலே சொன்னதெல்லாம் தினமும் பார்ப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. வாரம் ஒருமுறைதான் பார்க்கிறீர்கள் என்றால், திங்கட்கிழமை கையிருப்பு 91 இருந்து குறி வராமல் போகலாம். அடுத்த திங்கட்கிழமை பார்க்கும்போது 21 இருக்கும். அது இரண்டு நாட்களுக்குத்தான் வரும். அத்தகைய இடத்தில் வரும் நாட்களுடன் பார்க்கும் இடைவெளியான 7 நாட்களையும் கூட்டி, 14 என்று G-இல் போட வேண்டும்.

சில பொருட்களுக்கு இந்த முறை பொருந்தாது. 30 நாட்களில் 3 மட்டும் விற்கும் பொருளுக்கு நாளுக்கு 0.1 என்று வந்து, ஏழு நாட்களுக்கு 0.7 என்று முடியும். அதாவது ஒன்றுகூட இல்லாமல் போன பிறகே குறி வரும். அதற்குச் சராசரியெல்லாம் பார்க்காமல், ‘ஒன்றோ இரண்டோ எப்போதும் இருக்க வேண்டும், ஒன்று விற்றால் ஒன்று வாங்க வேண்டும்’ என்று கையால் ஓர் எண்ணைப் போட்டுவிடுவதே சரி. பருவத்துக்குப் பருவம் விற்பனை மாறும் பொருளுக்குக் கடந்த 30 நாள் சராசரி எப்போதும் பின்தங்கியே இருக்கும். விற்பனை ஏறத் தொடங்கும்போது குறி தாமதமாகவும், இறங்கும்போது தேவைக்கு முன்னதாகவும் வரும். அங்கே சென்ற ஆண்டு இதே காலத்தில் அடுத்து வந்த வாரங்களின் விற்பனையை வைத்துப் பெருக்குவது பொருத்தமாக இருக்கும்.

எந்தச் சூத்திரமும் கண்டுபிடிக்காத ஒரு பிழையும் உண்டு. நாளுக்கு 2 விற்கும், வர 4 நாட்கள் ஆகும் ஒரு பொருளின் மறு ஆர்டர் நிலை 8. ஏட்டில் 9 இருக்கிறது; ஆனால் சேதமானவற்றைப் பதிவு செய்யாததால் அலமாரியில் ஒன்றுகூட இல்லை. பொருள் இல்லாததால் விற்பனை இல்லை. விற்பனை இல்லாததால் ஏட்டில் உள்ள 9 குறைவதில்லை. 8-ஐத் தொடாததால் குறியும் வருவதில்லை. ஏடு ‘சரக்கு இருக்கிறது’ என்று சொல்வதால் அந்த நாட்கள் காலி நாட்களாகவும் நீக்கப்படாமல், சராசரி மட்டும் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். ஆகையால் வழக்கமாகத் தினமும் விற்கும் ஒரு பொருள், ஏட்டில் இருப்பு காட்டியும் தொடர்ந்து மூன்று நான்கு நாட்கள் விற்கவில்லை என்றால், நேரில் போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வைத்த எண் சரியா என்பதைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு முறையும் புதிய சரக்கு இறங்குவதற்குச் சற்று முன்னர் பழையது எவ்வளவு மீதமிருக்கிறது என்று குறித்து வைத்தால் போதும். 90-இல் ஆர்டர் போடும் நம் தாள் கட்டில், ஐந்து நாட்களில் வந்தால் 40 மீதமிருக்கும், ஆறு நாட்களில் வந்தால் 30, ஒன்பது நாட்களில் வந்தால் எதுவும் மீதமிருக்காது. சராசரியாக 20, அதாவது காப்பு இருப்பின் அளவு. குறித்துவைத்த எண்களின் சராசரி தொடர்ந்து 20-க்கு மிகவும் கீழே போனால், விற்பனை கூடியிருக்கிறதா அல்லது சரக்கு இன்னும் தாமதமாக வருகிறதா என்று E, G ஆகிய கட்டங்களைப் பார்க்க வேண்டும். 50, 60 என்று ஏறினால் அதே கட்டங்களைக் குறைக்கும் நோக்கில் பார்க்க வேண்டும்.